பிரெஞ்சு மொழியில் புகுந்த ஆங்கிலச் சொற்கள்

காவிரியின் கடைமடையில், கடலையொட்டி அமைந்துள்ளது காரைக்கால். 1739-ஆம் ஆண்டு முதல் 1954-ஆம் ஆண்டு வரை, இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றிய சில காலம் நீங்கலாக, இவ்வூர் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. ஆட்சி நீங்கியபோதும் அவர்கள் மொழியின் சொற்கள் சில நீங்கவில்லை. நகராட்சிக்குப் புறம்பான சிற்றூர்களை ஆளும் அமைப்பை இங்கே 'கொம்யூன் பஞ்சாயத்து' என்று வழங்குகின்றனர். திருநள்ளாறு, நிரவி, நெடுங்காடு முதலிய ஊர்களில் அலுவலகப் பலகைகளில் இத்தொடரைக் காணலாம். இதன் முற்பகுதி பிரெஞ்சு. பிற்பகுதி வடமொழி வழிவந்தது. பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெறுவோரைச் 'சொல்தா' என்று அழைப்பதும் இப்பகுதி வழக்கே. தொல்காப்பியனார் சொற்களை நால்வகையாகப் பகுத்தபோது திசைச்சொல்லுக்கும் ஓரிடம் தந்தார். அவர் காலத்திலேயே அயற்சொல் தமிழுக்குப் புதிதன்று என்பது இதனாற் புலனாகும்.

தமிழினுள் பிரெஞ்சுச் சொல் புகுந்த கதை நம் வாயிற்படியிலேயே இருக்கிறது. ஆயின், அந்தப் பிரெஞ்சு மொழிக்குள்ளேயே ஆங்கிலச் சொற்கள் திரளாகப் புகுந்துள்ளன என்பதையும், அவற்றுக்கு ஈடாகப் பிரெஞ்சு அரசு புதுச்சொற்களை ஆக்கி அரசிதழில் வெளியிடுகிறது என்பதையும் நம்மிற் பலர் அறியார். பாரிஸ் மாநகரில் ஒருவர் தம் காரை நிறுத்துமிடத்தைப் 'பார்க்கிங்' என்பார். சனி, ஞாயிறு ஆகிய ஓய்வு நாள்களை 'வீக்எண்ட்' என்பார். கணினி வழியாக வரும் கடிதத்தை 'மெய்ல்' என்பார். இம்மூன்று சொற்களின் வரலாற்றையும் ஆராய்ந்தால், ஒரு மொழி அயற்சொல்லை எப்போது ஏற்கிறது, எப்போது தள்ளுகிறது என்பது ஒருவாறு விளங்கும்.

முதலிற் 'பார்க்கிங்' என்பதை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இது ஒரு தொழிற்பெயர். வண்டியை நிறுத்துதல் என்னும் செயலைக் குறிப்பது. வண்டி நிறுத்தும் இடத்தைக் குறிக்க ஆங்கிலேயர் வேறு சொல்லை இதனோடு சேர்த்தே கூறுவர். பிரெஞ்சு மொழியிலோ 'பார்க்கிங்' என்ற தனிச்சொல்லே இடத்தைக் குறிக்கிறது. செயலின் பெயர் இடத்துக்கு ஆகிவந்துள்ளது. 'வற்றல் தின்றான்' என்னுமிடத்து வற்றுதல் என்ற தொழிலின் பெயர் வற்றிய காய்க்கு ஆகிவருவதைத் தொழிலாகுபெயர் என்று நீங்கள் இலக்கணப் பாடத்திற் படித்திருப்பீர்கள். அந்த முறையில்தான் பிரெஞ்சுக்காரர் இந்த ஆங்கிலச் சொல்லை ஆண்டுள்ளனர்.

இது தனியொரு சொல்லின் செய்தி அன்று. கூடாரமடித்துத் தங்கும் இடத்துக்குக் 'காம்ப்பிங்' என்றும், துணிகளை வெளுத்துத் தேய்த்துத் தரும் கடைக்குப் 'பிரெஸ்ஸிங்' என்றும், ஆடவர் விருந்துக்கு அணியும் கறுப்பு உடைக்கு 'ஸ்மோக்கிங்' என்றும் பிரெஞ்சில் பெயர். லண்டனிலிருந்து வரும் ஆங்கிலேயர் ஒருவர் இவற்றைக் கேட்டால் திகைத்து நிற்பார். 'ஸ்மோக்கிங் அணிந்து வாருங்கள்' என்று யாரேனும் அழைத்தால், புகைப்பதை எங்ஙனம் அணிவது என்று அவர் மயங்குவது இயல்பே. எனவே, இச்சொற்கள் ஆங்கில உருவம் உடையனவாயினும் பொருளால் பிரெஞ்சுச் சொற்களே ஆகிவிட்டன. இவற்றைக் களையெடுப்பது அரிதாவதற்கு இதுவும் ஒரு காரணம். வந்த விருந்தாளியை அனுப்பிவிடலாம். வீட்டோடு தங்கி உறவாகிவிட்டவரை அனுப்புதல் எளிதன்று.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'பார்க்' என்ற ஆங்கில அடிச்சொல் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றதே. வேலியிட்டு அடைத்த நிலம் என்பது அதன் பொருள். ஆடுமாடுகளைப் பட்டியில் அடைப்பதற்கு இன்றும் பிரெஞ்சில் அச்சொல் வழங்குகிறது. ஆகவே 'பார்க்கிங்' என்பதன் உடல் பிரெஞ்சு. வால் மட்டும் ஆங்கிலம். பிரெஞ்சு அரசின் போக்குவரத்துச் சட்டத்தில் இவ்விடத்துக்குப் 'பார்க் த ஸ்தாசியோன்மான்' என்ற தொடர் வழங்குகிறது. நிறுத்தத்திற்குரிய அடைப்பிடம் என்பது இதன் பொருள். தொடர் செம்மையானதே. எனினும், அவசரமாக வண்டியை நிறுத்த இடந்தேடுபவர் இத்துணை நீண்ட தொடரைச் சொல்லார். அதனால் சட்டத்தில் ஒரு பெயரும் தெருவில் மற்றொரு பெயருமாக அவ்விடம் விளங்குகிறது. தெருவோரத்து அறிவிப்புப் பலகையிலோ நீலநிறத்தின்மேல் வெண்ணிறத்தில் 'பி' என்னும் ஒற்றை எழுத்தே இருக்கும். அதனைச் சட்டம் படித்தவர் 'பார்க்' என்றும், மற்றவர் 'பார்க்கிங்' என்றும் விரித்துக்கொள்ளலாம்.

இனி 'வீக்எண்ட்'. இதன் நிலை வேறு. இதில் பிரெஞ்சு வேர் ஏதுமில்லை. சொல்லின் அமைப்பே பிரெஞ்சு மொழியின் இயல்புக்கு மாறானது. தமிழில் 'வார இறுதி' என்கிறோம். அடையாகிய 'வாரம்' முன்னும், அடைகொண்ட 'இறுதி' பின்னும் நிற்கின்றன. ஆங்கிலத்திலும் அவ்வாறே. பிரெஞ்சிலோ பெரும்பாலும் அடைகொண்ட சொல் முன்னே நிற்க, அடை பின்னே வரும். 'இறுதி வாரத்தினது' என்று சொல்வது போன்ற முறை அது. எனவே 'ஃபேன் த ஸெமேன்' என்பதே பிரெஞ்சு மரபுக்கு ஏற்ற தொடராகும். கடல் கடந்து கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் வாழும் பிரெஞ்சு மக்கள் சனி, ஞாயிற்றுக் கிழமைகளை இத்தொடராலேயே குறிக்கின்றனர். பிரான்சு நாட்டார் அங்ஙனம் குறிப்பதில்லை.

ஏன்? பிரான்சில் 'ஃபேன் த ஸெமேன்' என்ற தொடருக்கு வேறொரு பொருள் முன்னரே இருந்தது. வேலை வாரத்தின் கடைசி நாள்களாகிய வியாழன், வெள்ளியை அது குறித்தது. 'வாரக் கடைசியில் பணத்தைத் தருகிறேன்' என்று ஒரு வணிகர் சொன்னால், வெள்ளிக்கிழமை மாலைக்குள் தருவார் என்று கேட்பவர் கொள்வர். அதே தொடரை ஓய்வு நாள்களுக்கும் ஆண்டால் வெள்ளியா ஞாயிறா என்ற ஐயம் எழும். மயக்கம் நீக்க ஒரு தனிச்சொல் தேவைப்பட்டது. 'வீக்எண்ட்' அத்தேவையை நிறைவேற்றியது. வெறும் நாகரிக மயக்கத்தால் மட்டுமே அயற்சொல் வருகிறது என்று எண்ணுவோர் இந்த எடுத்துக்காட்டை நோக்குதல் வேண்டும். 1990-ஆம் ஆண்டில் பிரெஞ்சு எழுத்துமுறைத் திருத்தங்கள் வெளியானபோது, இச்சொல்லை நடுவே சிறுகோடின்றிச் சேர்த்தெழுதலாம் என்று பரிந்துரைத்தனர். விரட்டப்படும் சொல்லுக்கு எழுத்துத் திருத்தம் செய்வார் உளரோ? அச்சொல் குடியுரிமை பெற்றுவிட்டது என்பதற்கு இதுவே சான்று.

இவ்வாறு ஆங்கிலச் சொற்கள் பெருகியதைக் கண்டு பிரான்சில் எதிர்ப்பும் எழுந்தது. 1964-ஆம் ஆண்டில் எதியாம்பிள் என்ற பேராசிரியர், பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்த கலவை மொழிக்கு 'ஃபிராங்லே' என்று பெயர் வழங்கி, அதனை எள்ளி நகையாடி ஒரு நூல் வெளியிட்டார். நூல் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. 1972-ஆம் ஆண்டு முதல் அரசு கலைச்சொற் குழுக்களை அமைக்கலாயிற்று. 1992-ஆம் ஆண்டில், குடியரசின் மொழி பிரெஞ்சு என்னும் விதி அரசியலமைப்பிலேயே சேர்க்கப்பட்டது. இரண்டாண்டு கழித்து, பண்பாட்டு அமைச்சராக இருந்த ழாக் துபோன் என்பவர் ஒரு மொழிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அவர் பெயரை 'முழுதும் நல்லது' என்று பொருள்படப் பிரிக்கலாம் ஆதலின், குறும்பர் சிலர் அதனையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 'ஆல்குட்' என்று அவரைக் கேலி செய்தனர்.

இச்சட்டத்தைப் பற்றிப் பலரும் தவறாகக் கருதும் செய்தி ஒன்று உண்டு. பிரான்சில் ஆங்கிலச் சொல்லைப் பேசினால் தண்டனை என்று சிலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. அரசு வகுத்த கலைச்சொற்களைத் தனிமனிதரும் கட்டாயமாக ஆளவேண்டும் என்ற கருத்துடன் சட்டம் முதலில் எழுதப்பட்டது. ஆனால், 1994-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் பிரான்சின் அரசியலமைப்பு மன்றம் அப்பகுதியை நீக்கிவிட்டது. 1789-ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் ஒவ்வொருவர்க்கும் பேச்சுரிமையை அளித்துள்ளது. எந்தச் சொல்லால் பேசுவது என்பதும் அவ்வுரிமையுள் அடங்கும் என்பது மன்றத்தின் கருத்து. எனவே, அரசு அலுவலகமும் அரசுப்பணி புரியும் நிறுவனமும் அரசிதழ்ச் சொல்லை ஆளுதல் கடமை. ஏனையோர்க்கு அது பரிந்துரை மட்டுமே. விளம்பரம், பணி ஒப்பந்தம், பொருளைப் பயன்படுத்தும் குறிப்பு ஆகியவை பிரெஞ்சில் இருத்தல் வேண்டும் என்ற விதி வேறு; இன்ன சொல்லைத்தான் ஆளவேண்டும் என்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிதல் நன்று.

புதுச்சொல் பிறக்கும் முறையைச் சிறிது காண்போம். ஒவ்வொரு துறைக்கும் அத்துறை அமைச்சகத்தைச் சார்ந்து வல்லுநர் குழு ஒன்று உண்டு. தம் துறையில் ஓர் ஆங்கிலச் சொல் பரவத் தொடங்குவதை அவர்கள் கண்டால், அதன் பொருளை வரையறுத்து, அதற்கு நேரான பிரெஞ்சுச் சொல்லை முன்மொழிவர். அதனைப் பிரதமரின் கீழுள்ள நடுவண் ஆணையம் ஆராயும். பின்னர், 1635-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சுக் கழகத்துக்கு அது செல்லும். நாற்பது உறுப்பினரைக் கொண்ட அக்கழகம் இசைவு தந்தாலன்றிச் சொல் அரசிதழ் ஏறாது. இத்துணைப் படிகளையும் கடப்பதற்குள் மாதங்கள் பல கழியும். சில சொற்களுக்கு ஆண்டுகளே கழியும். அதற்குள் ஆங்கிலச் சொல் மக்கள் நாவில் ஊறிவிடுவதும் உண்டு. இம்முறையின் பெருங்குறை இந்தக் காலத்தாழ்வே என்பது என் கருத்து.

'கூரியெல்' என்ற சொல்லின் கதை இதனைத் தெளிவாக்கும். மின்னஞ்சலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் இது. 'கூரியே' என்றால் அஞ்சல். 'எலெக்த்ரொனிக்' என்றால் மின்னணு சார்ந்தது. முன்னதன் பெரும்பகுதியையும் பின்னதன் தொடக்கத்தையும் வெட்டி ஒட்டிக் 'கூரியெல்' என்று அமைத்தனர். தமிழில் 'மின்' என்பதும் 'அஞ்சல்' என்பதும் சிதையாமல் நின்று, புணர்ச்சி விதிப்படி ஒற்று இரட்டி 'மின்னஞ்சல்' ஆயின. நம் சொல்லைக் கேட்டவுடன் உறுப்புகளைப் பிரித்து அறியலாம். பிரெஞ்சுச் சொல்லில் பிற்பாதியை ஊகித்தே அறியவேண்டும். ஆயினும், ஒலியில் அது முழுமையான பிரெஞ்சுச் சொல்லாகவே நிற்கிறது.

இச்சொல் பிரான்சில் பிறந்ததன்று. கியூபெக்கில் தோன்றி, 1990-களில் அங்கே பரவியது. அதே காலத்தில் பிரான்சின் ஆணையம் வேறு வழியிற் சென்றது. 1997-ஆம் ஆண்டில் அது 'மெல்' என்ற சுருக்கத்தை அறிவித்தது. தொலைபேசி எண்ணுக்கு முன் 'தெல்' என்று எழுதுவது போல, மின்னஞ்சல் முகவரிக்கு முன் 'மெல்' என்று எழுதலாம் என்பது கருத்து. அது ஆங்கில 'மெய்ல்' என்பதை ஒலியால் ஒத்திருந்ததால் எழுதவும் எளிதாயிருந்தது. ஆனால் அது முகவரிக் குறியேயன்றிப் பெயர்ச்சொல் அன்று. 'உனக்கு ஒரு தெல் அனுப்பினேன்' என்று ஒருவரும் கூறார் அல்லரோ? அனுப்பப்படும் கடிதத்துக்குப் பெயர் இல்லாமலே ஆறாண்டுகள் கழிந்தன. இறுதியில் 2003-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் அரசிதழ் 'கூரியெல்' என்பதை ஏற்று அறிவித்தது. 'மெல்' என்பதை முகவரிக்கு முன் மட்டும் எழுதலாம், பெயர்ச்சொல்லாக ஆளலாகாது என்ற குறிப்பையும் சேர்த்தது. 'பிரான்சு மின்னஞ்சலின் ஆங்கிலப் பெயரைத் தடைசெய்தது' என்று வெளிநாட்டுச் செய்தித்தாள்கள் முழங்கின. தடை அரசு அலுவலகங்களுக்கே என்பதை முன்னரே கண்டோம்.

பயன் யாது? கியூபெக்கில் 'கூரியெல்' அன்றாடச் சொல்லாயிற்று. பிரான்சில் அரசுப் படிவங்களிலும் அலுவலகக் கடிதங்களிலும் அது நிலைபெற்றது. வீட்டிலும் தெருவிலும் 'மெய்ல்' என்பதே மேலோங்கி நிற்கிறது. ஒரே சொல், ஒரே மொழி. விளைவு மட்டும் இருவேறு. கியூபெக்கில் கருவியும் பெயரும் ஏறத்தாழ ஒன்றாகவே மக்களிடம் வந்தன. பிரான்சில் கருவி முன்னே வந்தது. பெயர் பின்னே வந்தது. மேலும், கியூபெக் மக்கள் நாற்புறமும் ஆங்கிலம் சூழ வாழ்பவர். அவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் எல்லைக்கல் போன்றது. அதனால்தான், பிரான்சின் சாலைச் சந்திகளில் வண்டிகளை நிறுத்தும் செந்நிறப் பலகையில் 'ஸ்டாப்' என்ற ஆங்கிலச் சொல் இருக்க, கியூபெக்கின் பலகையில் 'அரே' என்ற பிரெஞ்சுச் சொல் விளங்குகிறது.

இங்கே ஆங்கில 'மெய்ல்' என்பதன் பிறப்பையும் கூறுதல் தகும். பழைய பிரெஞ்சில் 'மால்' என்பது பயணத்துக்குரிய தோற்பையைக் குறித்தது. அச்சொல் ஆங்கிலத்துட் சென்று, கடிதங்கள் நிறைந்த பையைக் குறித்து, பின் பையினுள் இருக்கும் கடிதங்களையே குறிக்கலாயிற்று. இடப்பெயர் இடத்திலுள்ள பொருளுக்கு ஆகிவந்தமையால் இதனை இடவாகுபெயர் எனலாம். பல நூற்றாண்டுகள் கழித்து அச்சொல் கணினியிலேறித் தாய்வீடு திரும்பியபோது, தாய் தன் மகளை அடையாளம் காணவில்லை.

முழுவெற்றி பெற்ற சொற்களும் உள்ளன. 1955-ஆம் ஆண்டில், கணினியை விற்க முற்பட்ட ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை, அப்பொறிக்கு ஒரு நற்பெயர் வேண்டும் என்று கருதி, ழாக் பெரே என்ற இலத்தீன் பேராசிரியரை நாடியது. அவர் ஏப்ரல் 16-ஆம் நாளிட்ட கடிதத்தில் 'ஒர்தினாத்தர்' என்ற சொல்லைப் பரிந்துரைத்தார். ஒழுங்குபடுத்துவது என்பது அதன் பொருள். பழைய சமயநூல் வழக்கில் உலகை ஒழுங்குபடுத்தும் இறைவனைக் குறித்த சொல் அது. பொறி கடைக்கு வருமுன்னரே பெயர் ஆயத்தமாக இருந்தது. விற்பவரே அதனை விளம்பரமும் செய்தனர். இன்று பிரான்சில் கணினியை ஆங்கிலப் பெயரால் அழைப்பவரைக் காண்பது அரிது. அதனையடுத்து, கணினிக்குரிய நிரல் தொகுதிக்கு 'லொஜிசியெல்' என்ற சொல்லும் வேரூன்றியது. பழகிய ஈறு ஒன்றைக் கொண்டிருந்ததால் அது மக்களுக்கு அயலாகத் தோன்றவில்லை. 'கூரியெல்' என்பதும் அவ்வீற்றின் ஓசையையே உடையது என்பதைக் கவனியுங்கள்.

மாறாக, 2013-ஆம் ஆண்டு சனவரியில் வெளியான 'மோ தியேஸ்' என்ற சொல்லைப் பாருங்கள். சமூக ஊடகங்களில் ஒரு சொல்லின் முன் இடப்படும் '#' என்ற குறியையும் அச்சொல்லையும் சேர்த்து ஆங்கிலேயர் 'ஹேஷ்டேக்' என்பர். அதற்கு ஈடாக அரசிதழ் தந்த பெயர் இது. 'தியேஸ்' என்பது இசைக்குறிப்பில் சுரத்தை அரைப்படி உயர்த்தும் குறி. உருவத்தில் அது '#' என்பதை ஒத்ததேயன்றி அதுவே அன்று. இசையறிந்தோர் பிழை என்றனர், இளைஞர் நகைத்தனர், சொல் தாளிலேயே தங்கிவிட்டது. கியூபெக்கார் இதற்கு 'மோ கிளிக்' என்றனர்; விசையைத் தட்டும்போது எழும் ஒலியை நினைவூட்டும் பெயர் அது.

புதுச்சொல் உயிருடன் உள்ளதா என்று அறிவதற்கு ஓர் எளிய சோதனை உண்டு: அச்சொல் குட்டி ஈன்றதா என்று பார்த்தல் வேண்டும். 'கூரியெல்' ஈன்றது. வேண்டாமலே வந்து குவியும் மின்னஞ்சலுக்குக் கியூபெக்கார், குப்பைத்தொட்டி எனப் பொருள்படும் 'பூபெல்' என்பதன் முற்பகுதியை இதனோடு இணைத்துப் 'பூரியெல்' என்று பெயரிட்டனர். கேட்டவுடன் அழுகல் என்ற பொருளும் அதில் தொனிக்கும். விசைப்பலகை வழியாக அரட்டையடிப்பதற்கு 'கிளவார்தாழ்' என்றனர்; விசைப்பலகைக்குரிய 'கிளாவியே'யும் அரட்டைக்குரிய 'பவார்தாழ்' என்பதும் கலந்த சொல் இது. இவற்றை ஆக்கியோரிடம் புலமையோடு விளையாட்டு உள்ளமும் இருந்தது. 'பார்க் த ஸ்தாசியோன்மான்' என்ற தொடரில் புலமை மட்டுமே உண்டு.

1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் காரைக்கால் இந்திய ஆட்சிக்கு வந்தது. 1956-இல் கையெழுத்தாகி 1962-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையில், மக்களின் பேராளர் வேறுவிதமாக முடிவு செய்யும் வரை பிரெஞ்சும் இப்பகுதியின் ஆட்சிமொழியாக இருக்கும் என்று எழுதப்பட்டது. இன்றும் இவ்வூரில் பிரெஞ்சுக் குடியுரிமை உடைய குடும்பங்கள் உள்ளன. பிரான்சில் உறவினரைப் பெற்ற குடும்பங்களும் உள்ளன. அவர்களுக்கு இவ்வேறுபாடு ஏட்டுச் செய்தி மட்டும் அன்று. ஓய்வூதியம் குறித்துப் பிரெஞ்சு அலுவலகத்திற்கு விண்ணப்பம் எழுதும் பேரன், 'மெய்ல்' என்று எழுதாமல் 'கூரியெல்' என்று எழுதுதல் முறை. பாரிஸில் படிக்கும் அத்தை மகனுக்கு எழுதும்போது 'மெய்ல்' என்றால் இயல்பாயிருக்கும். 'கூரியெல்' என்றால் அவன் சற்றே புன்னகை செய்வான். அதே கடிதத்தில் சனி, ஞாயிற்றுக்கு 'ஃபேன் த ஸெமேன்' என்று எழுதிவிட்டால், வெள்ளிக்கிழமையே வருவதாக எண்ணி அவன் புகைவண்டி நிலையத்தில் காத்திருக்கவும் கூடும்.